டைம்லாப்ஸ் கேமரா வேண்டாம், டைமர் வாங்குங்கள்

கேள்வி: பெங்களூரு பானஸ்வாடியில் இருக்கிறோம். மொட்டை மாடியில் பீன்ஸ் வளர்ப்பதை விதையிலிருந்து அறுவடை வரை பாட வீடியோவாக எடுக்க ஸ்கிரிப்ட் எழுதிவிட்டோம். செடி வளர்வதைக் காட்ட டைம்லாப்ஸ் கேமரா, கருவிகளை க்ளோசப்பில் காட்ட மேக்ரோ லென்ஸ், இரண்டையும் சேர்த்து 18,000 ரூபாய் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போன் போதும், ஆனால் அதில் ஒன்றை முதலில் பார்த்துவிடுங்கள்: கேமரா ஆப்பில் ஐஎஸ்ஓ, ஷட்டர், ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸ் நான்கையும் கையால் நிறுத்திவைக்க முடிகிறதா? முடியாவிட்டால் அந்த போன் இதற்கு ஆகாது. தானியங்கியில் விட்டால் ஒவ்வொரு படத்துக்கும் வெளிச்சத்தை அதுவாகவே மாற்றிக்கொள்ளும், ஓட்டிப் பார்க்கும்போது செடி டியூப்லைட் மாதிரி மினுக்கும். பலர் கேமரா சரியில்லை என்று நினைப்பது இதைத்தான், விலை உயர்ந்த கேமராவும் இதே தப்பைச் செய்யும்.

முளைப்பதை மாடியில் எடுக்க நினைக்காதீர்கள். மேகம், வெயில், காற்று மூன்றும் சேர்ந்து கெடுத்துவிடும். தொட்டியை ஓர் அறைக்குள் வைத்து, ஜன்னலுக்குத் திரை போட்டு, ஒரே ஒரு எல்இடி விளக்கு. அந்த விளக்கைச் செருக 24 மணி நேர டைமர் பிளக் ஒன்று வாங்குங்கள், எஸ்.பி. ரோட்டில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், இந்த வேலைக்கு நீங்கள் வாங்க வேண்டிய முக்கியமான பொருள் அதுதான். காலை 6 முதல் இரவு 10 வரை விளக்கு எரியட்டும். குறிப்பிட்ட இடைவெளியில் தானே படம் எடுக்கும் இலவச ஆப் ஏதாவது ஒன்றில் 30 நிமிடத்துக்கு ஒரு படம் என்று வையுங்கள். ஒரு நாளைக்கு வெளிச்சத்தில் 32 படம், பத்து நாளில் 320, நொடிக்கு 25 வீதம் ஓட்டினால் 13 நொடி வரும். விதை மண்ணைத் தள்ளிக்கொண்டு எழுவதும் முதல் இலைகள் விரிவதும் அதற்குள் முடிந்துவிடும். இருட்டில் எடுத்தவற்றை நீக்கிவிடுங்கள். ராத்திரி பீன்ஸ் இலைகள் தொங்கி, காலையில் நிமிரும், அதனால் வீடியோவில் நாளுக்கொரு சின்னத் துள்ளல் தெரியும், அதைப் பிழை என்று வெட்டிவிட வேண்டாம்.

மலிவான எல்இடியில் படத்தில் கோடு கோடாக வந்தால் ஷட்டரை 1/50 அல்லது 1/100 நொடிக்கு வையுங்கள், நம் மின்சாரத்தின் துடிப்போடு அது ஒத்துப்போகும். போன் எந்நேரமும் சார்ஜில் இருந்தால் பேட்டரி உப்பலாம், எனவே சார்ஜருக்கும் ஒரு டைமர் போட்டு நாளுக்குச் சில மணி நேரம் மட்டும் விடுங்கள். முதுகு உப்பியதாகத் தெரிந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

அதற்குப் பிறகான வளர்ச்சிக்குச் செடி மாடிக்குப் போகட்டும். இங்கே ஒரு நாளைக்கு ஒரு படம், தினமும் வெயில் தொட்டிமேல் விழுவதற்கு முன்பு, விடிந்து கொஞ்ச நேரத்தில். 50 நாளில் 50 படம், நொடிக்கு 10 என்று ஓட்டினால் 5 நொடி, போதும். போனை வைக்கும் ஸ்டாண்டை மட்டும் ட்ரைபாடாக வைக்காமல் கைப்பிடிச் சுவரில் திருகி விடுங்கள். நான் ட்ரைபாட் வைத்து 31-ஆம் நாள் வரை வந்தேன், அன்று என் மாமியார் வடாம் காயப்போட அதை ஒரு முழம் நகர்த்தினார், அவரைச் சொல்லிக் குற்றமில்லை.

ஸ்கிரிப்டில் பருவம் எப்போது என்று நீங்கள் எழுதவில்லை. பெங்களூரில் ஏப்ரலில் விதைத்தால் சூட்டில் பூ கொட்டலாம், செப்டம்பர், அக்டோபர் மழையில் தொட்டியில் தண்ணீர் நின்று வேர் அழுகலாம். அக்டோபர் கடைசியில் விதைத்தால் மழையும் போகப்போகக் குறையும், குளிரும் தோது. குத்துச் செடி ரகமாக வாங்குங்கள், ஹெசரகட்டாவில் உள்ள இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா கோமல் அப்படிப்பட்டது. பேசி எடுக்கும் காட்சிகளுக்கு ஒரே செடியோடு இரண்டு மாதம் காத்திருக்காமல், மூன்று குரோ பேக்கில் படப்பிடிப்பு நாளுக்கு 55, 38, 10 நாள் முன்பாக விதைத்துவிட்டால், ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காய், பூ, நாற்று மூன்றும் கிடைக்கும். அது வேறு பை என்று வீடியோவில் சொல்லிவிடுங்கள், பார்ப்பவர்கள் எப்படியும் கண்டுபிடித்துவிடுவார்கள்.

மேக்ரோ லென்ஸ் எறும்புக்கு உதவும், களைக்கொத்திக்கும் பூவாளிக்கும் அல்ல. கிட்டப் போனால் உங்கள் கை நிழலே கருவிமேல் விழும். ஓர் அடி தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள், புதுக் கருவி என்றால் பளபளப்பு போகக் கொஞ்சம் மண்ணைத் தேய்த்துவிடுங்கள்.