அதே 29 டிகிரி, வேறு பேஸ்: புழுக்கத்தில் ஓட ஒரு எளிய கணக்கு

கேள்வி: மார்ச்சில் கோவையில் இருந்தபோது, பொழுது சாய்ந்த பிறகு 29 டிகிரியில் 10 கிலோமீட்டரை 5:30 பேஸில் ஓடினேன். ஈரப்பதம் 35 சதவீதம். பெரிய சிரமமில்லை. மே மாதம் சென்னைக்கு மாறிவிட்டேன். காலை 5 மணி, வெயிலே இல்லை, ஆப் அதே 29 டிகிரிதான் காட்டுகிறது. ஈரப்பதம் 84 சதவீதம். நாலாவது கிலோமீட்டரிலேயே தள்ளாடுகிறேன். பேஸை எவ்வளவு குறைக்க வேண்டும்?

பதில்: கிலோமீட்டருக்குச் சுமார் 12 விநாடி. கோவையில் 5:30-க்கு எவ்வளவு உழைத்தீர்களோ, அதே உழைப்புக்குச் சென்னையில் அந்தக் காலையில் 5:42-தான் கிடைக்கும். இந்த எண்ணை நீங்களே தினமும் போட்டுக்கொள்ளலாம். அதற்கு வெப்பநிலையோடு டியூ பாயின்ட் என்ற பனிப்புள்ளியும் வேண்டும். காற்று எந்த வெப்பநிலைக்குக் குளிர்ந்தால் அதிலுள்ள நீராவி நீராகத் தொடங்குமோ, அதுதான் பனிப்புள்ளி. ஈரப்பதச் சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால் தப்பும்.

ஏன் தப்பும்? சதவீதம் வெப்பநிலையோடு சேர்ந்து ஏறி இறங்குகிற எண். காலை 5 மணிக்கு 29 டிகிரி, 84 சதவீதம். எட்டரை மணிக்கு 32 டிகிரி, 70 சதவீதம். பார்த்தால் காற்று காய்ந்துவிட்டது போலத் தோன்றும். ஆனால் இரண்டு வேளையிலும் காற்றில் இருக்கும் நீராவி ஒரே அளவுதான். பனிப்புள்ளி இரண்டு முறையும் 26 டிகிரி. சூடு ஏறியதால் சதவீதம் இறங்கியிருக்கிறதே தவிர, உங்கள் வியர்வைக்கு ஒரு வசதியும் கூடவில்லை. "ஈரப்பதம் குறைந்ததும் போகலாம்" என்று எட்டரை வரை காத்திருப்பவர்கள் அதே நீராவியோடு மூன்று டிகிரி கூடுதல் சூட்டையும் வெயிலையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள்.

வியர்வை ஆவியாவதற்குத் தோலில் உள்ள நீராவி அழுத்தம் காற்றில் உள்ளதைவிட அதிகமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவு வேகமாக ஆவியாகும். 35 டிகிரியில் இருக்கும் நனைந்த தோலில் இந்த அழுத்தம் சுமார் 56 ஹெக்டோபாஸ்கல். நீங்கள் ஓடிய கோவை மாலையில் பனிப்புள்ளி சுமார் 12 டிகிரி. காற்றின் நீராவி அழுத்தம் 14. வித்தியாசம் 42. சென்னைக் காலையில் காற்றின் அழுத்தம் 34-ஐ நெருங்குகிறது. மிஞ்சுவது 22 சொச்சம். ஆக, குளிர்விக்கும் வசதி கிட்டத்தட்டப் பாதியாகிவிடுகிறது. தெர்மாமீட்டரோ இரண்டு இடத்திலும் 29 என்றுதான் சொல்லும்.

60 கிலோ எடையுள்ளவர் 5:30 பேஸில் ஒரு மணி நேரம் ஓடினால் ஏறக்குறைய 650 கிலோ கலோரி செலவாகும். அதில் 500 வரை வெறும் சூடாக உடலில் சேரும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெளியேறும் என்பதால், கோவையில் இந்தச் சூட்டை வெளியேற்றுவது பெரிய பாடில்லை. சென்னையில் வியர்வை ஆவியாகாமல் சொட்டும். டீஷர்ட்டைப் பிழியலாம், ஷூவுக்குள் சதக் சதக் என்று சத்தம் வரும். சொட்டிப்போன வியர்வை தண்ணீரையும் உப்பையும் கொண்டுபோகும், சூட்டைக் கொண்டுபோகாது. உடல் இதற்குப் பதிலாகத் தோலுக்கு அதிக ரத்தத்தை அனுப்புகிறது. காலுக்குப் போக வேண்டிய ரத்தம் குறைய, இதயம் வேகமாக அடித்து ஈடுகட்டப் பார்க்கிறது. நாலாவது கிலோமீட்டரில் நீங்கள் தள்ளாடுவது இதனால்தான். உங்கள் ஃபிட்னெஸ் குறைந்துவிடவில்லை.

இனி கணக்கு. ஓட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் விதி ஒன்று உண்டு: வெப்பநிலையையும் பனிப்புள்ளியையும் கூட்டு, கூட்டுத்தொகைக்கு ஏற்பப் பேஸைத் தளர்த்து. அது ஃபாரன்ஹீட்டில் 100, 110, 120 என்று போகும். செல்சியஸுக்கு மாற்றினால் இப்படி வரும்:

20 வரை: மாற்றம் வேண்டாம்
31: 1 சதவீதம்
37: 2 சதவீதம்
42: 3 சதவீதம்
48: 4.5 சதவீதம்
53: 6 சதவீதம்
59: 8 சதவீதம்
64: 10 சதவீதம், இதற்கு மேல் வேக ஓட்டம் கூடாது

இடைப்பட்ட எண்களுக்கு நடுவில் எதையாவது எடுத்துக்கொண்டால் போதும். இது அனுபவத்தில் திரண்ட விதி, ஆய்வகத்துச் சூத்திரம் இல்லை. அரை சதவீதத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

நம் ஊர்க்காரர்கள் பலர் தவறுவது அடுத்த படியில். பட்டியலில் பூஜ்யம் என்பது கூட்டுத்தொகை 20. அதாவது 12 டிகிரி வெப்பநிலை, 8 டிகிரி பனிப்புள்ளி மாதிரியான நாள். சென்னையில் அப்படி ஒரு நாள் வருவதே இல்லை. ஜனவரிக் காலையில் 22 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் பனிப்புள்ளி 19 சொச்சம், கூட்டுத்தொகை 41. நாம் "நல்ல குளிர்" என்று நினைத்து ஓடும் நாளிலேயே கிட்டத்தட்ட 3 சதவீதம் ஏற்கெனவே கழிந்திருக்கிறது. அந்த நாளில் எடுத்த பேஸை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மே மாதத்தில் பட்டியலில் உள்ள முழுச் சதவீதத்தையும் குறைத்தால் தேவைக்கு மேல் மெதுவாகிவிடுவீர்கள். ஆகவே இரண்டு நாளுக்கும் கூட்டுத்தொகை போட்டு, வித்தியாசத்தை மட்டும் எடுங்கள்.

உங்கள் கணக்கையே போடுவோம். கோவை: 29 கூட்டல் 12, மொத்தம் 41, சுமார் 3 சதவீதம். (சென்னையின் 22 டிகிரி ஜனவரிக் காலைக்கும் இதே 41தான் என்பதைக் கவனியுங்கள்.) சென்னை: 29 கூட்டல் 26, மொத்தம் 55, சுமார் 6.5 சதவீதம். வித்தியாசம் 3.5. 5:30 என்பது 330 விநாடி, அதில் 3.5 சதவீதம் பதினொன்றரை விநாடி. விடை 5:42. உங்கள் ஈஸி ரன் 6:30 என்றால் அது 6:44 ஆகும். மனக்கணக்குக்கு, 6 நிமிடப் பேஸில் 1 சதவீதம் என்பது மூன்றரை விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பனிப்புள்ளியைப் பெரும்பாலான வானிலை ஆப்கள் Dew point என்ற பெயரில் காட்டும். இல்லாவிட்டால், 100-இலிருந்து ஈரப்பதச் சதவீதத்தைக் கழித்து, 5-ஆல் வகுத்து, வந்ததை வெப்பநிலையிலிருந்து கழியுங்கள். 29 டிகிரி, 84 சதவீதத்துக்கு: 16-ஐ 5-ஆல் வகுத்தால் 3.2, 29-இலிருந்து கழித்தால் 25.8. சரியான விடைக்கு மிக அருகில் வருகிறது. ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போனால் இந்தக் குறுக்குவழி பொய் சொல்லும். கோவையின் 35 சதவீதத்துக்குப் போட்டால் 16 வரும், உண்மையில் 12. அங்கெல்லாம் ஆப்பையே நம்புங்கள். ஆப் சொல்லும் "உணரும் வெப்பநிலை"யைப் பேஸ் கணக்குக்கு எடுக்காதீர்கள். அது நிழலில் மெல்ல நடப்பவரை மனதில் வைத்துப் போட்ட எண்.

கடற்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மே மாத மதியம் நிலக்காற்று அடிக்கும்போது 38 டிகிரி, பனிப்புள்ளி 20 என்று இருக்கும். கடற்காற்று நுழைந்ததும் 33 டிகிரிக்கு இறங்கும். "அப்பாடா" என்று இருக்கும். ஆனால் பனிப்புள்ளி 26-க்கு ஏறிவிடும். கூட்டுத்தொகை முன்பு 58, இப்போது 59. நிற்பவருக்கு இதம்; ஓடுபவருக்குப் பெரிய சலுகை ஒன்றுமில்லை. விடியலுக்குச் சற்று முன்தான் வெப்பநிலை மிகக் குறைவு, பனிப்புள்ளி பெரிதாக மாறாது. அதனால் ஈரப்பதச் சதவீதம் உச்சத்தில் இருந்தாலும் நாளின் சிறந்த வேளை பெரும்பாலும் அதுதான்.

இந்தக் கூட்டுத்தொகையில் வெயில் சேரவில்லை, காற்றோட்டமும் சேரவில்லை. ஏழு மணிக்கு மேல் வெயிலில் ஓடுவதாக இருந்தால் பட்டியலில் ஒரு வரி கீழே இறங்கிக்கொள்வது என் பரிந்துரை. காற்று முதுகில் அடிக்கும் நாளிலும் அப்படியே. நீங்களும் காற்றும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் போனால் உடம்பில் காற்றே படாது. தொடர்ந்து ஓடும் டெம்போ, ஈஸி ரன்னுக்குத்தான் இந்தச் சதவீதம் பொருந்தும். 400 மீட்டர் இன்டர்வெல் போன்ற குறுகிய ஓட்டங்களில் சூடு சேர நேரம் போதாது. பேஸை அதில் பாதி அளவு குறைத்து, இடைவேளையைக் கூட்டினால் போதும். 90 நிமிடத்துக்கு மேற்பட்ட லாங் ரன்னில் கதை தலைகீழ். சூடு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், குறைத்த பேஸைவிடவும் சற்று மெதுவாகவே தொடங்குங்கள். முதல் மூன்று கிலோமீட்டர் எளிதாக இருக்கிறதே என்று பழைய பேஸுக்குத் திரும்புவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. அப்போது இழப்பது விநாடிக் கணக்கில் நிற்காது, கடைசி ஐந்து கிலோமீட்டரை நடக்க வேண்டி வரும்.

குறைத்தது போதுமா என்று ஹார்ட் ரேட் சொல்லும். பேஸ் மாறாமல் 40 நிமிடம் ஓடுங்கள். பத்தாவது நிமிடத்தில் 150 இருந்தது, நாற்பதாவதில் 155 என்றால் கணக்கு சரி. 165-ஐத் தொட்டால் போதவில்லை. அடுத்த முறை இன்னும் ஒரு சதவீதம் குறையுங்கள். நீங்கள் இப்போதுதான் இடம் மாறியிருப்பதால் முதலில் அப்படித்தான் ஆகக்கூடும். புழுக்கத்துக்கு உடல் பழகப் பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். ரத்தத்தில் பிளாஸ்மா கூடும், வியர்வை சீக்கிரமே தொடங்கும், அதே கூட்டுத்தொகையில் சில விநாடிகள் திரும்பக் கிடைக்கும். அதுவரை டெம்போவைத் தள்ளிப்போட்டு ஈஸி ரன் மட்டும் ஓடுங்கள்.

கூட்டுத்தொகை 64-ஐத் தாண்டினால், உதாரணமாக 38 டிகிரி வெப்பநிலையும் 27 டிகிரி பனிப்புள்ளியும் இருந்தால், பேஸ் கணக்கே வேண்டாம். மெல்ல ஓடுங்கள் அல்லது ட்ரெட்மில்லுக்குப் போங்கள். எந்தக் கூட்டுத்தொகையிலும் ஓடும்போது உடல் சிலிர்த்தாலோ, தலை சுற்றினாலோ, குமட்டினாலோ உடனே நின்று நிழலுக்குப் போய்த் தலையிலும் உடம்பிலும் தண்ணீர் ஊற்றுங்கள். கூட ஓடுபவர் பேச்சில் குழறினால், வழி தடுமாறினால், "வியர்க்கத்தானே செய்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். ஓட்டத்தில் வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்வை நிற்காமலும் இருக்கலாம். 108-ஐ அழைத்துவிட்டு, ஆம்புலன்ஸ் வரும்வரை கிடைக்கும் குளிர்ந்த நீரால் உடலை நனைத்துக்கொண்டே இருங்கள்.