டைரியில் 044, கோப்பில் +91

கேள்வி: அப்பாவின் பழைய டைரி நம்பர்களை எக்செல்லில் ஏற்றுகிறேன். முன்னால் உள்ள 0-வையும் சேர்த்து டைப் பண்ணணுமா?

வேண்டாம். அந்த 0 எண்ணின் பகுதியே அல்ல. நாட்டுக்குள் வெளியூருக்குப் பேசுகிறோம் என்று தொலைபேசி நிலையத்துக்குச் சொல்லும் குறி. ‘பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே’ என்று வழி சொல்வது மாதிரி, உள்ளே இருப்பவருக்கு மட்டுமே அது புரியும். எங்கிருந்தும் செல்லுபடியாவது நாட்டுக் குறியீட்டோடு எழுதிய முழு எண். டைரியில் 044-1234 5678 என்று இருந்தால் (மாதிரி எண்தான்) கோப்பில் +914412345678.

டைப் பண்ணும் முன் எண்கள் வரும் நெடுவரிசை முழுவதையும் Text வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் அதைத் தொகையாக நினைத்து + குறியை விழுங்கிவிடும். கட்டத்தில் 9.14E+11 மாதிரி தெரிந்தால் அதுதான் நடந்திருக்கிறது. அப்புறம், வெறும் ஏழு இலக்கச் சென்னை எண் என்றால் அது மிகப் பழையது. விசாரித்த பிறகே ஏற்றுங்கள்.

+91 போட்டால் வெளிநாட்டு அழைப்புக் கட்டணம் வரும் என்று பலர் பயப்படுகிறார்கள். இந்தியாவுக்குள் பேசும்போது அது சாதாரண அழைப்புதான்.