மிச்ச அமிலம் சொல்லும் கணக்கு: பின் தரம்பார்த்தல் கேள்வி பதில்

கேள்வி: சுண்ணப்பொடியின் தூய்மையைக் காண, பியூரெட்டில் அமிலத்தை எடுத்து நேராகவே தரம்பார்க்கலாமே மேடம், ஏன் தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டும்? கால்சியம் கார்பனேட் வீரியம் குறைந்த காரம் என்பதாலா?

பதில்: வீரியம் பெரிய விஷயமில்லை, கரையாமைதான் தொல்லை. சுண்ணப்பொடி குடுவையின் அடியில் தங்கிவிடும். ஒரு சொட்டு அமிலம் விட்டால் நிறம் மாறும். கலக்கிவிட்டுக் காத்திருந்தால் இன்னொரு துகள் கரைந்து பழைய நிறம் திரும்பும். எங்கே நிறுத்துவது? அதனால்தான் அளவு தெரிந்த அமிலத்தைக் கூடுதலாகவே ஊற்றி, பொடி முழுக்கக் கரைந்த பிறகு மிச்சமிருக்கும் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் அளக்கிறோம்.

கேள்வி: 1.50 கிராம் சுண்ணப்பொடி, 1.00 M அமிலம் 50.0 மி.லி. கரைசலை 250 மி.லி. ஆக்கி, அதில் 25 மி.லி. எடுத்தேன். 0.100 M NaOH 22.4 மி.லி. செலவானது. தூய்மை 159 சதவீதம் வருகிறது. எங்கே தவறு?

பதில்: செய்முறை சரி, கணக்கில்தான் ஒரு படி விட்டுப்போயிருக்கிறது. 22.4 மி.லி. என்றால் 2.24 மில்லிமோல். அது நீங்கள் பிப்பெட்டில் எடுத்த பத்தில் ஒரு பங்குக்கு மட்டும். முழுக் கரைசலில் மிச்சம் 22.4 மில்லிமோல். ஊற்றியது 50.0, ஆகவே சுண்ணம் தின்றது 27.6.

CaCO3 + 2HCl → CaCl2 + H2O + CO2

ஒரு கார்பனேட்டுக்கு இரண்டு அமிலம். 27.6-இல் பாதி 13.8 மில்லிமோல், அதாவது 1.38 கிராம். 1.50-ஆல் வகுத்தால் 92 சதவீதம். நூறைத் தாண்டிய விடை வந்தால் முதலில் இந்தப் பத்தையும் இரண்டையும் தேடுங்கள்.

கேள்வி: பினாப்தலீன் இளஞ்சிவப்பாகிறது, அரை நிமிடத்தில் மறைகிறது. விட விட மறைகிறது. எது முடிவுப்புள்ளி?

பதில்: கரைசலில் கார்பன் டை ஆக்சைடு தங்கியிருக்கிறது. அதுவும் காரத்தைத் தின்னும். அதைத் துரத்திக்கொண்டு போனால் மிச்ச அமிலம் அதிகம்போலத் தெரிந்து, தூய்மை குறைவாக வரும். பொடி கரைந்ததும் சில நிமிடம் மெதுவாகக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துத் தரம்பாருங்கள். அப்போது வரும் இளஞ்சிவப்பு நிற்கும்.

இடையில் ஒருவர்: கொதிக்க வைத்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஆவியாகிப் போய்விடுமே?

பதில்: அடர்ந்த அமிலத்துக்கு நீங்கள் சொல்வது சரி. இவ்வளவு நீர்த்த கரைசலில் முதலில் போவது பெரும்பாலும் தண்ணீர்தான். ஆனால் சுண்ட விடாதீர்கள். அதைவிடத் தெறிப்பதற்குத்தான் நான் பயப்படுவேன்; வாயில் சிறு புனல் ஒன்றை வைத்துவிடுங்கள்.

கேள்வி: அமில முறிவு மாத்திரை, உறையில் 500 மி.கி. கால்சியம் கார்பனேட் என்றிருக்கிறது. 1.00 M அமிலம் 25.0 மி.லி., மிச்சத்துக்கு 0.500 M NaOH 29.2 மி.லி. எனக்கு 520 மி.கி. வந்தது. மாத்திரையில் உண்மையிலேயே கூடுதலாக இருக்கிறதா?

பதில்: இருக்கலாம். அதை நம்புவதற்கு முன் அமிலத்தைச் சந்தேகப்படுங்கள். 25.0-இல் 14.6 போக 10.4 மில்லிமோல் மாத்திரை தின்றதாக உங்கள் கணக்கு. 500 மி.கி.க்கு 10.0 போதும். வித்தியாசம் 0.4 மில்லிமோல்தான். புட்டியில் 1.00 M என்று எழுதியிருக்கும் அமிலம் உண்மையில் 0.984 M ஆக இருந்தாலே அந்த 0.4 ஊற்றும்போதே இல்லை. நீங்களோ மாத்திரை தின்றுவிட்டதாக எழுதிக்கொள்கிறீர்கள். அமிலத்தில் 1.6 சதவீதப் பிழை விடையில் 4 சதவீதமாக வளர்ந்துவிடுகிறது. மிச்சம் அதிகமாக இருக்க இருக்க இந்தப் பெருக்கமும் கூடும். அடுத்த முறை 15 மி.லி. போதும்.

மாத்திரை போடாமல் அதே அமிலத்தை அதே NaOH-ஆல் ஒரு முறை தரம்பார்த்து, அந்த அளவிலிருந்து கழியுங்கள். அதன் பிறகும் 520 வந்தால், உறையில் மெக்னீசியம் சேர்ந்த பொருள் ஏதும் உண்டா என்று பாருங்கள். இந்த முறைக்குக் கால்சியம், மெக்னீசியம் என்ற பேதம் தெரியாது. அமிலத்தைத் தின்ற எல்லாவற்றையும் ஒரே கணக்கில் போடும்.

கேள்வி: என் மாத்திரையில் இருப்பது அலுமினியம் ஹைட்ராக்சைடு. காரம் விடும்போது பாதியிலேயே கலங்கல் வருகிறதே?

பதில்: அலுமினியம் மறுபடி வீழ்படிவாகிறது. pH 4 தாண்டினாலே அது தொடங்கிவிடும், காரத்தையும் இழுத்துக்கொள்ளும். பினாப்தலீனுக்குக் காத்திருந்தால் தவறான விடைதான் கிடைக்கும். புரோமோபீனால் நீலத்தை வைத்துக் கலங்கலுக்கு முன்பே நிறுத்தலாம், ஆனால் அந்த நிறமாற்றம் கூர்மையாக இராது. pH மீட்டர் இருந்தால் நான் அதைத்தான் எடுப்பேன்.

கேள்வி: கரும்பலகைச் சுண்ணக்கட்டியைப் பொடித்து அமிலத்தில் போட்டேன், நுரைக்கவே இல்லை. தூய்மை பூஜ்யம் என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். கரும்பலகைக் கட்டிகளில் பல ஜிப்சத்தால், அதாவது கால்சியம் சல்பேட்டால் ஆனவை. அமிலத்துக்கு அதனிடம் வேலையில்லை. வேறு கட்டியை எடுத்து, எடை போடுவதற்கு முன் ஒரு துணுக்கில் ஒரு சொட்டு அமிலம் விட்டுப் பாருங்கள்.