‘மிகவும்’ போன இடத்தில் எதை வைப்பது?

கேள்வி: ‘மிகவும்’, ‘ரொம்ப’, ‘உண்மையிலேயே’, ‘நம்பமுடியாத அளவுக்கு’ எல்லாவற்றையும் நீக்கி எழுதிப் பார்த்தேன். வாக்கியம் சப்பென்று ஆகிவிடுகிறது. இந்தச் சொற்கள் இல்லாமல் அழுத்தத்தை எப்படிக் கொண்டுவருவது?

பதில்:

‘மிகவும்’ போனதும் வாக்கியம் சப்பென்று தெரிந்தால், அதற்குப் பக்கத்தில் இருந்த சொல்லைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். ‘மிகவும் பழைய’ என்பதில் பலவீனமானது ‘பழைய’. துணி பழசு, இரும்பு பழசு, மரம் பழசு, பகை பழசு என்று எதற்கும் ஒட்டிக்கொள்ளும் சொல் அது. எதற்கும் ஒட்டுவதால் எதையும் காட்டுவதில்லை. அந்தக் குறையை மறைக்கத்தான் முன்னால் ஒரு ‘மிகவும்’ வந்து நிற்கிறது.

இதற்கு மருந்து தமிழிலேயே கிடைக்கிறது. துணி பழசானால் நைந்துபோகிறது. இரும்பு துருவேறுகிறது. மரம் உளுத்துப்போகிறது. காகிதம் பழுப்பேறிச் செல்லரிக்கிறது. கயிறு இற்றுப்போகிறது. சொல் வழக்கொழிகிறது. ஒவ்வொரு பொருளும் எப்படிப் பழசாகும் என்பதற்குத் தனித்தனி வினை இருக்கிறது. ‘நைந்த சட்டை’ என்று எழுதியபின் ‘மிகவும்’ தேவைப்படாது, ஏனென்றால் எவ்வளவு பழசு என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே திருத்தும்போது கேட்க வேண்டியது ‘இதைவிடப் பெரிய சொல் எது?’ என்றல்ல, ‘இந்தப் பொருளில் பழசு எங்கே தெரிகிறது?’ என்று.

ஒரு பத்தியை எடுத்துத் திருத்திப் பார்த்தால் இது விளங்கும்.

“அந்த வீடு மிகவும் பழையது. உள்ளே ரொம்ப இருட்டாக இருந்தது. படிக்கட்டு உண்மையிலேயே ஆபத்தானது. கிழவர் மிகவும் மெதுவாக ஏறினார். அவருக்கு மிகவும் கோபம். நம்பமுடியாத அளவுக்குச் சத்தமாகக் கதவைச் சாத்தினார்.”

ஆறு வாக்கியம், ஆறு மிகைச்சொல். முதல் வாக்கியத்தில் வீட்டின் வயதை எங்கே பார்க்கலாம் என்று தேடினால் சுவர் கிடைக்கிறது: காரை பெயர்ந்து செங்கல் தெரிகிறது. இது எளிது.

இரண்டாவதில் கொஞ்சம் நிற்க வேண்டும். ‘ரொம்ப இருட்டு’ என்றதும் கை தானாகக் ‘கும்மிருட்டு’ என்று எழுதப் போகும். ஆனால் கும்மிருட்டில் கிழவர் எப்படி மெதுவாக ஏறுகிறார் என்பதைச் சொல்பவர் பார்க்க முடியாது. அப்படியானால் அங்கே இருந்தது அரையிருட்டு. இதுவரை எழுதியவர் அதை முடிவு செய்யவே இல்லை. முடிவு செய்யாமல் நகர்ந்துவிட ‘ரொம்ப’ இடம் கொடுத்துவிட்டது. மிகைச்சொற்களால் வரும் பெரிய கேடு இதுதான் என்பேன்: எழுதுபவர் காட்சியைத் தானே சரியாகப் பார்க்கவில்லை என்பதை அவை மூடி வைத்துவிடுகின்றன.

படிக்கட்டு ‘ஆபத்தானது’ என்பது தீர்ப்பு. தீர்ப்புக்கு முன்னால் ‘உண்மையிலேயே’ சேர்ப்பது, சாட்சி சொல்லாமல் சத்தியம் மட்டும் செய்வது போன்றது. சாட்சியைக் கொண்டுவந்தால் போதும்: மூன்றாம் படியில் பலகை ஆடியது. ஆபத்து என்ற முடிவுக்கு வாசகரே வந்துவிடுவார்.

‘மிகவும் மெதுவாக’ என்பதற்குப் பதில் வைக்க ஏன் மெதுவாக என்று தெரிய வேண்டும். முட்டி வலித்தால் கைப்பிடியைப் பற்றி, படிக்குப் படி நின்று ஏறுவார். யாருக்கும் கேட்கக்கூடாது என்றால் பதுங்கிப் பதுங்கி ஏறுவார். இருட்டில் படி தெரியவில்லை என்றால் காலால் தடவி ஏறுவார். மூன்றுமே மெதுவானவைதான், ஆனால் மூன்றும் வேறு வேறு கதை. இங்கே முதலாவதை எடுத்துக்கொள்வோம்.

‘அவருக்கு மிகவும் கோபம்’ என்ற வாக்கியத்துக்கு மாற்றே வேண்டாம், எடுத்துவிடலாம். அடுத்த வாக்கியம் அந்த வேலையைச் செய்யப்போகிறது. ‘சத்தமாகச் சாத்தினார்’ என்பதற்குத் தமிழில் ‘அறைந்து சாத்தினார்’ என்ற வழக்கே இருக்கிறது. சத்தம், வேகம், கோபம் மூன்றும் ‘அறைந்து’ என்ற ஒரே எச்சத்தில் அடங்கிவிடும்.

“சுவரில் காரை பெயர்ந்து செங்கல் தெரிந்தது. உள்ளே அரையிருட்டு. மூன்றாம் படியில் பலகை ஆடியது. கிழவர் கைப்பிடியைப் பற்றி, படிக்குப் படி நின்று ஏறினார். மேலே போனதும் கதவை அறைந்து சாத்தினார்.”

எண்ணிப் பாருங்கள், முதல் வடிவில் 23 சொற்கள், இதிலும் 23. இந்த வேலையைச் சுருக்கமாக எழுதும் பயிற்சி என்று நினைப்பவர்கள் பலர். சில இடங்களில் வாக்கியம் நீளவும் செய்யும், அதில் தவறில்லை.

அந்த ‘அறைந்து சாத்தினார்’ இன்னொரு வழியையும் காட்டுகிறது. நம் மொழியில் அழுத்தம் பெரும்பாலும் வினையில் ஏறும். ‘மிக அதிகமாக எழுதினான்’ என்பதை ‘எழுதித் தள்ளினான்’ என்கிறோம். நிறைய வாங்கியவன் ‘வாங்கிக் குவித்தான்’. மழை ‘கொட்டித் தீர்த்தது’. இந்தத் துணைவினைகள் அளவை மட்டும் சொல்வதில்லை, சொல்பவரின் மனநிலையையும் சேர்த்துச் சொல்கின்றன: ‘எழுதித் தள்ளினான்’ என்பதில் தரத்தைப் பற்றி ஒரு சின்னச் சந்தேகம் ஒட்டியிருக்கிறது, ‘அழுது தீர்த்தாள்’ என்பதில் பாரம் இறங்கிய ஆறுதல் இருக்கிறது. ‘உண்மையிலேயே வந்துவிட்டார்’ என்பதற்கு ‘வந்தேவிட்டார்’ போதும். அந்த ஒற்றை ஏகாரத்தில், வரமாட்டார் என்று நினைத்திருந்தோம் என்பதும் கேட்கும்.

இனி, இதைச் செய்யும்போது வழக்கமாக எங்கே கெடுகிறது என்று பார்க்கலாம்.

முதல் தவறு, அளவை மீறுவது. ‘மிகவும் பயந்தான்’ என்பதை அடித்துவிட்டு அகராதியைத் திறந்து இருப்பதிலேயே பலமான சொல்லை எடுப்பது. பயத்துக்கான சொற்கள் ஏணிப்படி போல ஒன்றன்மேல் ஒன்றாக மட்டும் நிற்பவை அல்ல. ‘பதறினான்’ என்றால் உடம்பில் அசைவு இருக்கிறது, எதையோ செய்ய ஓடுகிறான். ‘உறைந்தான்’ என்றால் அசைவே இல்லை. ‘வெலவெலத்தான்’ என்றால் கைகால் துவண்டுவிட்டது. ‘மிரண்டான்’ என்றால் திடீரென்று எதையோ கண்டுவிட்டான். அந்த ஆள் அந்த நொடியில் ஓடினானா, நின்றானா, துவண்டானா என்று தெரிந்தால் சொல் தானாக அமையும். தெரியாமல் எடுத்தால், ‘உறைந்துபோனவன் ஓடிப்போய்க் கதவைத் திறந்தான்’ என்ற வகை வாக்கியம் பிறக்கும்.

இரண்டாவது, நடை மாறிப்போவது. பேச்சுநடையில் போகும் பத்தியில் ‘ரொம்பக் கோபம்’ என்பதை எடுத்துவிட்டு ‘வெஞ்சினம்’ என்று வைத்தால் அந்தச் சொல் மட்டும் வேறு உடுப்பில் நிற்கும். அதற்கு ‘ரொம்பக் கோபம்’ எவ்வளவோ மேல். புதிய சொல்லை வைத்தபின் பத்தியை வாய்விட்டு ஒருமுறை படியுங்கள். எந்த இடத்தில் குரல் மேடைப்பேச்சுக்குத் தாவுகிறதோ அந்தச் சொல் தவறு.

மூன்றாவது, ஒரு மிகைச்சொல்லுக்குப் பதில் இன்னொன்றை வைப்பது. ‘மிகவும்’ போய் ‘அபாரமாக’ வரும், அதுவும் போய் ‘பயங்கரமாக’ வரும். ‘பயங்கர சந்தோஷம்’ என்று கூசாமல் சொல்கிறோம், பயம் அந்தச் சொல்லிலிருந்து எப்போதோ கழன்றுவிட்டது. இந்தத் தேய்மானம் இன்று வந்ததும் அல்ல. மிகுதியைக் குறிக்கும் உரிச்சொற்களாகச் சால, உறு, தவ, நனி, கூர், கழி என்று ஆறை நன்னூல் ஒரே சூத்திரத்தில் அடுக்குகிறது. இவற்றில் எதையும் இன்று ‘ரொம்ப’ போலத் தாராளமாக யாரும் பயன்படுத்துவதில்லை. ‘சாலச் சிறந்தது’, ‘உறுதுணை’ போன்ற சில சேர்க்கைகளில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

நான்காவது, தேடு வசதியை வைத்து எல்லாவற்றையும் கண்மூடி அழிப்பது. `Ctrl+F` அழுத்தி `மிக` என்று தேடினால் பல செயலிகள் மிகவும், மிகப், மிகச் ஆகியவற்றோடு மிகுதி, மிகை, மிக்க எல்லாவற்றையும் காட்டும், ஏனென்றால் கணினி ‘கு’வை ‘க’வும் உகரக் குறியுமாகத்தான் வைத்திருக்கிறது. ஆகவே ஒட்டுமொத்தமாக மாற்றும் பொத்தானைத் தொடாதீர்கள். ஒவ்வொன்றாகப் பாருங்கள், சில இடங்களில் அந்தச் சொல் தேவையான வேலை செய்துகொண்டிருக்கும். ‘இருப்பதில் மிக உயரமான மரம்’ என்பதில் ‘மிக’ ஒப்பீட்டின் உச்சத்தைக் காட்டுகிறது. தமிழில் அதற்குத் தனி விகுதி இல்லாததால் ‘மிக’தான் அந்தப் பொறுப்பை ஏற்கிறது. எடுத்தால் பொருளே மாறும். ‘உண்மையில் அவர் மருத்துவர் அல்ல’ என்பதிலும் அழுத்தம் இல்லை, முன்பு நினைத்ததை மறுப்பதற்கு அந்தச் சொல் வேண்டும். கதையில் ஒருவர் பேசும்போது வரும் ‘ரொம்ப’வும் அப்படித்தான். மனிதர்கள் அப்படித்தான் பேசுவார்கள், அவர்கள் வாயைத் திருத்த வேண்டாம்.

மறுபக்கம், யோசிக்காமலே அழிக்கக்கூடியவையும் உண்டு. ‘மிகவும் இன்றியமையாத’ என்பதில் அது இல்லாமல் முடியாது என்று ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. முடியாததில் கூடுதல் குறைவு ஏது? ‘மிகவும் முழுமையான’, ‘மிகவும் தனித்துவமான’ எல்லாம் இதே கணக்கு. வெள்ளைவெளேர், கன்னங்கரேல், புத்தம்புது போன்றவை மிகுதியை ஒலியிலேயே வைத்திருப்பவை. அவற்றின் முன்னாலும் எதுவும் நிற்காது.

அலுவலகக் கடிதம், அறிவிப்பு, புகார் போன்றவற்றில் உவமைக்கும் காட்சிக்கும் இடமில்லை, அங்கே எண்ணும் நாளும்தான் சரியான சொற்கள். ‘மிகவும் அவசரம்’ என்ற கடிதம் மேசையில் மற்ற அவசரங்களோடு கிடக்கும். ‘வெள்ளி மாலை 4 மணிக்குள் கையெழுத்து வேண்டும், தவறினால் விண்ணப்பம் காலாவதியாகும்’ என்பதைப் படித்தவர் பேனாவைத் தேடுவார். ‘மிக நீண்ட தாமதம்’ என்பதை ‘47 நாள் தாமதம்’ என்று எழுதினால் எதிர்த்துப் பேச இடமிருக்காது. எண் கையில் இல்லை என்றால், கடிதத்தை அனுப்புவதற்கு முன் அதைத் தேடி எடுங்கள்.