ஒட்டிய முட்டையும் துடைத்த முட்டையும்

கேள்வி: 30 முட்டை அட்டை வாங்கினேன். இரண்டு முட்டை அடியில் ஒட்டிக்கொண்டு வரவே இல்லை. "அட்டை ஈரமாக இருந்திருக்கும்" என்று கடைக்காரர் கைவிரித்துவிட்டார். விரிசலும் தெரியவில்லை. தப்பு என்மேலா?

பதில்: நிச்சயமாக இல்லை. வெறும் ஈரம் அப்படி இறுக்கிப் பிடிக்காது. பிடிப்பது காய்ந்த வெள்ளைக்கரு. ஒன்று, அந்த முட்டையே அடியில் விரிந்து கசிந்திருக்கும். இல்லையென்றால் மேலே அடுக்கிய அட்டையில் உடைந்தது வழிந்து வந்திருக்கும். அட்டையைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். தண்ணீர்க் கறை மங்கலாக இருக்கும், வெள்ளைக்கருக் கறை விறைத்துப்போய் லேசாகப் பளபளக்கும். அதைக் காட்டி மாற்றித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை.

மீதி 28-ஐயும் சோதித்துவிடுங்கள். இருட்டு அறையில் செல்போன் டார்ச்சை முட்டையின் அகன்ற முனையோடு ஒட்டிப் பிடித்து மெல்லச் சுற்றினால், மயிரிழை விரிசல்கூட வெளிச்சக் கோடாகத் தெரியும். ஓடு அடர்ந்த பழுப்பாக இருந்தால் இது அவ்வளவு எடுபடாது. அப்போது இரண்டு முட்டைகளைக் காதருகே வைத்து மென்மையாக ஒன்றோடொன்று தட்டுங்கள். நல்ல ஓடு கணீரென்று ஒலிக்கும், விரிந்தது மந்தமாகக் கேட்கும். கசிந்ததைத் தூக்கிப் போடுங்கள். எப்போது கசிந்தது என்று யாருக்கும் தெரியாது.

கேள்வி: சில ஓடுகளில் பழுப்புப் புள்ளி, சிலவற்றில் மணல் ஒட்டியதுபோல் சொரசொரப்பு. ஒன்றில் நடுவே வளையமாக மேடு. நோய் முட்டையா?

பதில்: புள்ளி நிறமிதான், சொரசொரப்பு கூடுதலாகப் படிந்த சுண்ணாம்பு. அந்த மேடு, கோழியின் உடலுக்குள்ளேயே ஓடு விரிந்து, முட்டை வெளிவருமுன் மறுபடி சுண்ணாம்பு மூடிய தழும்பு. தாராளமாகச் சாப்பிடலாம், ஆனால் அந்த இடத்தில் ஓடு பலவீனமாக இருக்கும் என்பதால் முதலில் சமைத்துவிடுங்கள். பயப்பட வேண்டியது வேறொன்று: தொட்டால் விரலில் பொடியாக வரும் சாம்பல், பச்சை அல்லது கறுப்புத் திட்டு. அது பூஞ்சை. ஈரத்தில் கிடந்த சரக்கு அது. வாங்காதீர்கள்.

கேள்வி: அட்டையைத் திறந்து பார்க்காமல் வாங்கி வந்தேன். மூன்று உடைந்திருந்தன. கடையில் கேட்கலாமா?

பதில்: கேளுங்கள். ஆனால் வழியில் நீங்கள் உடைக்கவில்லை என்று எப்படி நிரூபிப்பீர்கள்? மூடியைத் திறக்க எவ்வளவு நேரம் ஆகும்?

கேள்வி: பளிச்சென்று சுத்தமாக இருக்கும் முட்டைதான் புதியது என்று பார்த்து வாங்குகிறேன். சரிதானே?

பதில்: சரியில்லை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியே ஆகவேண்டும். ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் உண்டு. இடும்போதே ஒரு மெல்லிய படலம் அவற்றை மூடியிருக்கும். முட்டைக்கு அதுதான் முதல் காவல். எச்சம் பட்ட முட்டையை விற்பதற்காக ஈரத்துணியால் துடைப்பவர்கள் அந்தப் படலத்தையும் சேர்த்தே தேய்த்துவிடுகிறார்கள். தண்ணீர் முட்டையைவிடக் குளிர்ந்திருந்தால் இன்னும் மோசம். உள்ளே இருப்பது குளிர்ந்து சுருங்கும், அந்தச் சுருக்கம் அழுக்குத் தண்ணீரையே துளை வழியாக உள்ளே இழுக்கும். ஒரே துணியால் அட்டை முழுவதையும் துடைத்தால் ஒரு முட்டையின் அழுக்கு எல்லாவற்றுக்கும் பரவும். முறையாகக் கழுவுகிற இடங்களில் முட்டையைவிட வெதுவெதுப்பான நீரில் கழுவி, உடனே உலர்த்திக் குளிரில் வைப்பார்கள். அது வேறு விஷயம்.

இப்படித் துடைத்த அட்டை ஒன்று என் வீட்டுக்கும் வந்தது. பார்க்க அவ்வளவு அழகு. சாய்த்து வெளிச்சத்தில் பிடித்தபோதுதான் ஓட்டில் ஒரே திசையில் இழுத்த மங்கலான பழுப்புக் கோடுகளும், இடையிடையே திட்டுத் திட்டாகப் பளபளப்பும் தெரிந்தன. அந்த வாரமே கூமுட்டை நாற்றம் வந்துவிட்டது. விற்றவர் சுத்தம் என்று சொல்லித்தான் விற்றார், இன்னும் கோபம் தீரவில்லை. நீங்களும் அப்படிச் சாய்த்துப் பாருங்கள். அந்தக் கோடுகள் இருந்தால் வேண்டாம். ஒரு சிறு இறகோ வைக்கோல் துணுக்கோ ஒட்டிய உலர்ந்த முட்டை அதைவிட மேல்.

கேள்வி: தண்ணீரில் போட்டால் மிதக்கிறது. கெட்டுவிட்டதா?

பதில்: பழையது என்பது நிச்சயம், கெட்டது என்பது நிச்சயமில்லை. நாளாக ஆக ஈரம் துளை வழியே வெளியேறி, அகன்ற முனையில் உள்ள காற்றறை பெரிதாகும், அதனால்தான் மிதக்கிறது. வெயிலில் வைத்திருந்த முட்டை இன்னும் சீக்கிரமே இந்த நிலைக்கு வந்துவிடும். தனிக் கிண்ணத்தில் உடைத்து முகர்ந்து பாருங்கள். நாற்றம் இருந்தால் குப்பைக்கு. நாற்றம் இல்லாமல் வெள்ளைக்கரு நீர்த்து, மஞ்சள்கரு தட்டையாகப் பரவினால் நன்றாக வேகவைத்துச் சாப்பிடலாம், அரைவேக்காடு கூடாது. சோதித்து முடித்த பிறகு, நனைந்த முட்டையைத் திரும்ப அட்டையில் வைக்காதீர்கள், அன்றே சமைத்துவிடுங்கள்.