பனியன் சட்டையாகட்டும், முகம் அப்படியே இருக்கட்டும்

கேள்வி: காலமான அப்பாவின் ஒரே தெளிவான படம் பனியனில் இருக்கிறது. ஃபிரேம் போட வெள்ளைச் சட்டை மாற்றித் தரச் சொன்னேன். சட்டை நன்றாக வந்தது, முகம் யாரோ போல ஆகிவிட்டது. முகம் மாறாமல் செய்ய முடியாதா?

பதில்: முடியும். உங்கள் படத்தைப் பெரும்பாலும் 'சட்டை மாற்று' என்று எழுதிக் கேட்கும் ஏதோ ஒரு செயலியில் போட்டிருப்பார்கள். அவற்றில் பல, படம் முழுவதையும் புதிதாக வரைகின்றன. முகமும் அதில் அடக்கம். இதற்கு 'எடிட்' என்று பெயர் வைத்து விற்கிறார்கள்.

போட்டோஷாப்பில் உள்ள Generative Fill நீங்கள் தேர்ந்த இடத்தை மட்டும் நிரப்பி, அதைத் தனி லேயராக வைக்கும். அடியில் அசல் படம் அப்படியே கிடக்கும். ஆகவே எல்லாம் தேர்வில்தான் இருக்கிறது. Lasso கருவியால் பனியனை மட்டும் சுற்றினால் போதாது. சட்டை வந்து மூடப்போகிற தோள், மேல்கை, கழுத்தின் அடிப்பாகம் எல்லாம் உள்ளே வர வேண்டும். இல்லாவிட்டால் பனியன் அளவுக்கே ஒரு கையில்லாச் சட்டை வரும். மேலே தாடைக்கு ஒரு விரல் கீழேயே நிறுத்துங்கள். தாடையின் நிழல் கழுத்தில் விழுகிறதே, அந்த நிழலைத் தேர்வில் சேர்த்தால் தாடையின் வடிவமே வேறு மாதிரி தெரியும்.

அப்பாவுக்குத் தாடி இருந்தால் கணக்கு வேறு. தாடி காலர் மேல் விழும் இடத்தில் முகத்தின் எல்லை தாடி நுனிதான். முதலில் தாடியைத் தவிர்த்துத் தேர்ந்து சட்டையை உருவாக்குங்கள். பிறகு அந்த லேயரின் மாஸ்க்கில் மெல்லிய கறுப்பு பிரஷ்ஷால் தாடி ஓரத்தைத் தடவினால், அசல் முடி ஒவ்வொன்றாகத் திரும்பி வரும்.

எழுத வேண்டியது இவ்வளவே:

```
plain white cotton shirt, buttoned collar
```

பொதுவாக மூன்று மாதிரிகள் வரும். காலர் கழுத்தில் சரியாக உட்கார்ந்ததை எடுங்கள். தோல் அதிகம் தெரியும் படங்களை விதிமீறல் என்று Generative Fill தள்ளிவிடுவதும் உண்டு. பனியன் போட்ட பெரியவரிடம் என்ன விதிமீறலோ! தனி லேயரில் தோள்வரை வெள்ளை பிரஷ்ஷால் தோராயமாகப் பூசிவிட்டு மறுபடி முயலுங்கள், பெரும்பாலும் ஏற்கும். சட்டை மட்டும் வழவழப்பாகத் தனித்துத் தெரிந்தால் Add Noise 2 சதவீதம், Monochromatic போதும்.

ஸ்டுடியோவில் கொடுப்பதானால் 'முகத்தையும் ஹெச்.டி. ஆக்கித் தருகிறேன்' என்பவரிடம் கொடுக்காதீர்கள். மங்கிய கண்ணைத் தெளிவாக்குவதாகச் சொல்லி வேறு கண்ணை வரைந்துவிடுவார்கள். லேயர்களோடு PSD கோப்பு கேளுங்கள். JPEG மட்டும்தான் என்றால், அசலின் அதே அளவில் வாங்கி, அசல் மேல் சரியாகப் பொருத்தி, லேயர் முறையை Difference ஆக்குங்கள். முகம் இருக்கும் இடம் கறுப்பாகத் தெரிந்தால் காசு கொடுக்கலாம். கண்ணும் உதடும் கோடு கோடாக மின்னினால் முகத்தைத் தொட்டிருக்கிறார்கள்.