போனில் வெட்டுப்படாத பேனர்: கவர் படத்தை அளந்து பார்ப்பது எப்படி?

கேள்வி: ஃபேஸ்புக் பக்கத்துக்கு நானே ஒரு பேனர் செய்தேன். கம்ப்யூட்டரில் பார்த்தால் அழகாக இருக்கிறது, போனில் பார்த்தால் எழுத்து ஓரத்தில் வெட்டுப்படுகிறது. போடுவதற்கு முன்பே இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்:

கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் அளந்து பாருங்கள். பேனர் வடிவமைப்பு என் அன்றாட வேலை. என்னிடம் வரும் கவர் படத்தில் நான் முதலில் பார்ப்பது நிறத்தையோ எழுத்துருவையோ அல்ல, அதன் அகல உயர விகிதத்தைத்தான்.

ஃபேஸ்புக் பக்கத்தின் கவர் படம் கம்ப்யூட்டரில் 851 × 315 பிக்சலாகவும், போனில் 640 × 360 ஆகவும் காட்டப்படுகிறது. அளவு மட்டும் மாறினால் பரவாயில்லை, படம் சிறியதாகத் தெரியும், அவ்வளவுதான். இங்கே வடிவமே மாறுகிறது. கம்ப்யூட்டரில் இருப்பது நீளமான பட்டை, அகலம் உயரத்தைப் போல 2.7 மடங்கு. போனில் அது 1.78 மடங்குதான், அதாவது 16:9. நீளப் பட்டையைப் போனின் கட்டத்துக்குள் நிரப்ப வேண்டுமென்றால் இடமும் வலமும் வெட்டித்தான் ஆக வேண்டும்.

சமீபத்தில் ஓவிய வகுப்பு நடத்தும் ஒருவர் தன் பேனரை அனுப்பியிருந்தார். தெளிவு வேண்டும் என்று இரண்டு மடங்காக, 1702 × 630 அளவில் செய்திருந்தார். அது நல்ல பழக்கம். இடது பக்கம் 'ஓவிய வகுப்பு' என்ற எழுத்து, ஓரத்திலிருந்து 120 பிக்சலில் தொடங்கியது. வலது ஓரத்தில் தொடர்பு எண். கம்ப்யூட்டரில் ஒரு குறையும் இல்லை.

இப்போது போனுக்குக் கணக்குப் போடுவோம். உயரம் 630. அதை 16ஆல் பெருக்கி 9ஆல் வகுத்தால் 1120. போனில் தெரியப்போகும் அகலம் அவ்வளவுதான். 1702இல் 1120 போக மீதி 582, பக்கத்துக்கு 291. எழுத்து 120இல் தொடங்குகிறது, வெட்டோ 291இல் விழுகிறது. ஆக, எழுத்தின் முதல் 171 பிக்சல் போய்விடும். போனில் திறந்து பார்த்தோம்: 'ய வகுப்பு' என்று நின்றது. தொடர்பு எண்ணில் கடைசி இலக்கங்களைக் காணோம். எண் பாதியில் நின்றால் அழைக்க நினைத்தவர் அங்கேயே விட்டுவிடுவார் என்பதால், எனக்கு அதுதான் அதிகம் உறுத்தியது.

எல்லாவற்றையும் நடு 1120க்குள் தள்ளிவிடுவது ஒரு வழி. நான் பரிந்துரைப்பது வேறு. படத்தையே உயரமாகச் செய்யுங்கள். 1702 × 958 என்று வைத்தால் அது 16:9, போனில் முழுப் படமும் தெரியும். கம்ப்யூட்டர் மட்டும் மேலும் கீழும் 164 பிக்சல் வெட்டி, நடுவில் உள்ள 630ஐக் காட்டும். அந்த நடுப்பட்டை இரண்டு இடத்திலும் பத்திரம், அதுவும் முழு அகலத்துக்கு. மேலும் கீழும் உள்ள இரண்டு பட்டைகளில் எழுத்தோ முகமோ இருக்கக் கூடாது. பின்னணி மட்டும் இயல்பாகத் தொடர வேண்டும். போனில் அவை தெரியும் என்பதால் வெறும் வெள்ளையாகவும் விடக் கூடாது. அந்த ஓவிய வகுப்புப் படத்தில் சுவரின் நிறத்தை மேலேயும் மேசையைக் கீழேயும் நீட்டினோம், போதுமானதாக இருந்தது.

இதற்கு ஒரு விலை உண்டு, பலரும் இதைக் கவனிப்பதில்லை. போன் திரையின் அகலம் 360 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். முந்தைய படத்தில் 1120 பிக்சல் அந்த 360க்குள் சுருங்கியது. இப்போது 1702 பிக்சல் சுருங்குகிறது. 80 பிக்சல் உயர எழுத்து முன்பு ஏறக்குறைய 26ஆகத் தெரிந்தது, இப்போது 17தான். வெட்டுப்படாது, ஆனால் வாசிக்கவும் சிரமம். அதனால் எழுத்தை 120 பிக்சலுக்கு உயர்த்தினோம், ஏறக்குறைய பழைய அளவே, அதாவது 25, திரும்பி வந்தது. பெரிய எழுத்துக்கு இடம் வேண்டும் என்பதால் தொடர்பு எண்ணைப் பேனரிலிருந்து எடுத்துவிடச் சொன்னேன். ஃபேஸ்புக் பக்கத்தில் அதற்கென்றே தனி இடம் இருக்கிறது, அங்கே தொட்டால் அழைப்பும் போகும்.

தமிழில் எழுதுகிறவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். வெட்டுக் கோட்டிலிருந்து இடைவெளி அளக்கும்போது எழுத்தின் உடலிலிருந்து அளக்காதீர்கள். மேலே புள்ளியிலிருந்தும், கீழே 'கு', 'ழ', 'மூ' போன்றவற்றின் வாலிலிருந்தும் அளக்க வேண்டும். புள்ளியை ஒட்டி வெட்டு விழுந்தால் 'வகுப்பு' என்பது 'வகுபபு' ஆகிவிடும். மெல்லிய எழுத்துருவில் வெட்டே இல்லாவிட்டாலும், படம் சுருங்கும்போது புள்ளி கரைந்துபோகும். கொஞ்சம் தடித்த எழுத்துருவே பாதுகாப்பு.

சரிபார்க்க நான் செய்வது இதுதான். 1702 × 958 படத்தின் மேல் ஒரு தனி லேயரில், மேலும் கீழும் 164 பிக்சலுக்குக் கறுப்புப் பட்டை வரைவேன். இடது கீழ் மூலையில் ஒரு வட்டம். அது ப்ரொஃபைல் படம் ஏறி உட்காரும் இடம்; திரை சிறியது என்பதால் போனில் அந்த வட்டம் பேனரில் கூடுதல் பங்கை மறைக்கும். எவ்வளவு பெரிதாக வரைவது என்பதற்கு உங்கள் போனில் இப்போதைய பக்கத்தை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதிலிருந்தே அளந்துகொள்ளுங்கள். லேயரைப் போட்டும் எடுத்தும் பாருங்கள். போட்டபோது முக்கியமான ஏதாவது காணாமல் போனால் பேனர் இன்னும் தயாராகவில்லை.

ஏற்றும்போதும் ஒரு தவறு நடக்கும். படத்தை மேலும் கீழும் இழுத்து நிலைநிறுத்த ஃபேஸ்புக் விடுகிறது. கை கொஞ்சம் நகர்ந்தாலும் நடுப்பட்டை நடுவில் இருக்காது, கம்ப்யூட்டரில் மேல்பக்கமோ கீழ்ப்பக்கமோ கூடுதலாக வெட்டுப்படும். கணக்கு சரியாக இருந்தும் வெட்டு விழுந்தால் முதலில் இதைத்தான் சந்தேகப்படுவேன்.

பிரவுசர் ஜன்னலைக் குறுக்கிப் பார்த்து 'போனில் இப்படித்தான் தெரியும்' என்று முடிவு செய்யாதீர்கள். செயலி காட்டுவது வேறு. உண்மையான போனில், அதுவும் இன்னொருவர் கணக்கிலிருந்து பாருங்கள். உங்கள் கணக்கில் பேனர் மேலேயே திருத்தும் பொத்தான் நிற்கும். பார்வையாளருக்கு அந்த மூலை வெறுமையாக இருக்கும்.

இதே அளவை மற்ற தளங்களுக்குக் கொண்டுபோகாதீர்கள். யூடியூப் கேட்பது குறைந்தது 2048 × 1152. அதில் எல்லாத் திரையிலும் எழுத்துக்குப் பத்திரமான இடம் நடுவில் உள்ள 1235 × 338 மட்டுமே. முழுப் படம் தொலைக்காட்சியில்தான் தெரியும். எக்ஸ் தளத்தின் 1500 × 500 பேனரில் வெட்டைவிட மறைப்பே பெரிய தொல்லை: போனில் மேல் ஓரத்தில் கடிகாரமும் பின்செல்லும் அம்புக்குறியும், கீழே இடது மூலையில் ப்ரொஃபைல் வட்டமும் படத்தின் மேலேயே வந்து உட்காரும். அங்கே எழுத்தை வலது பாதியில், உயரத்தின் நடுவில் வைப்பேன்.